கண்ணுக்குள் திடீர் மின்னல், பறக்கும் புள்ளிகள்: எப்போது பயமில்லை, எப்போது அன்றே ஓட வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாலை. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் 58 வயதுக்காரர் ஒருவர் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறார். இருட்டத் தொடங்கும் நேரம். வலது கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்து மறைகிறது. எதிரே வந்த காரின் விளக்கு என்று நினைக்கிறார். வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாத அறையில் தலையைத் திருப்பும்போது அதே வெளிச்சம் மறுபடியும் அடிக்கிறது. சற்று நேரத்தில் கண்முன் ஒரு வளையம் போன்ற நிழலும், மிளகுத்தூளைத் தூவியது போன்ற கரும்புள்ளிகளும் மிதக்கின்றன. கையால் விலக்கினால் போகவில்லை. கண்ணைக் கழுவினாலும் போகவில்லை.

வலி இல்லை, கண் சிவக்கவில்லை, டிவியில் எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. "சூட்டுக் கண்ணா இருக்கும், நாளைக்கு நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிங்க" என்கிறார் மனைவி. அவரும் சரி என்று படுத்துவிடுகிறார்.

இவர் ஓர் எடுத்துக்காட்டு மனிதர்தான். ஆனால் இதே வயதில், இதே அறிகுறியோடு, இதே பதிலைக் கேட்டுப் படுத்தவர்கள் பலர் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் அடுத்த சில நாட்களில் அந்தக் கண்ணின் பார்வையே போகும் நிலை வரும். இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் முதல் நாள் தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். யார் எந்தக் கூட்டம் என்பதை நோயாளியால் உணர்ந்து சொல்ல முடியாது. கண்ணுக்குள் பார்த்த மருத்துவரால்தான் சொல்ல முடியும்.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண் உருண்டையின் உட்புறம் வெற்றிடம் அல்ல. அதில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான அளவு, கண்ணாடி போல் தெளிந்த கூழ் நிறைந்திருக்கிறது. இதன் பெரும்பகுதி தண்ணீர்தான். மிக மெல்லிய இழைகள் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் அது கூழாக நிற்கிறது. கூழின் பின்பக்கம், கண்ணின் உட்சுவரில் ஒட்டியபடி இருப்பது விழித்திரை. சுவரில் ஒட்டிய காகிதம் போன்ற மெல்லிய சவ்வு அது. வெளிச்சத்தைப் பிடித்து மூளைக்கு அனுப்புவது அந்தச் சவ்வுதான்.

வயது ஏற ஏற இந்தக் கூழ் நீர்த்துப்போகிறது. இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து திரிகின்றன. அந்தத் திரிகளின் நிழல் விழித்திரை மேல் விழும்போது நூல், பூச்சி, சிலந்தி வலை போல் ஏதோ மிதப்பதாகத் தெரிகிறது. பிறகு ஒரு கட்டத்தில், பெரும்பாலும் 50 வயதுக்கு மேல், கூழ் முழுவதும் சுருங்கி விழித்திரையை விட்டுப் பிரிந்து முன்னால் வந்துவிடுகிறது. கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது இன்னும் முன்னதாகவே நடக்கும். தலை நரைப்பது போல இதுவும் வயதின் வேலை. நோய் அல்ல.

மின்னல் எங்கிருந்து வருகிறது? விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்தது வெளிச்சம் ஒன்றுதான். பிரியும் கூழ் அதைப் பிடித்து இழுக்கும்போது, அந்த இழுப்பையும் அது வெளிச்சம் என்றே மூளைக்குச் சொல்கிறது. அதனால்தான் இருட்டிலும், கண்ணைச் சட்டென்று அசைக்கும்போதும், பார்வையின் ஓரத்தில் பிறை வடிவில் பளிச்சென்று அடிக்கிறது. வளையம் போன்ற நிழலுக்கும் காரணம் உண்டு. பார்வை நரம்பைச் சுற்றிக் கூழ் வட்டமாக ஒட்டியிருந்த இடம் கழன்று, அப்படியே மிதக்கிறது.

கூழ் சுத்தமாகப் பிரிந்துவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. சில வாரங்களில் மின்னல் குறையும். புள்ளிகள் மெல்லக் கீழே இறங்கும், மூளையும் அவற்றைக் கவனிக்காமல் விடப் பழகிக்கொள்ளும். ஆனால் சிலருக்கு ஏதோ ஓரிடத்தில் கூழ் விழித்திரையோடு அழுத்தமாக ஒட்டியிருக்கும். பிரியும்போது அந்த இடத்தில் விழித்திரையையும் கிழித்துக்கொண்டு வந்துவிடும். சுவரில் ஒட்டிய டேப்பைப் பிய்க்கும்போது சாயமும் சேர்ந்து உரிவது போல. திடீரென மின்னலும் புள்ளிகளும் கண்டு பரிசோதனைக்கு வருகிறவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 10 முதல் 15 பேருக்கு இப்படி ஒரு கிழிசல் இருக்கிறது.

கிழிசல் வேறு, கழல்வது வேறு

கிழிசல் விழுந்த அன்றே பார்வை போவதில்லை. கிழிசல் வழியாக, நீர்த்துப்போன கூழ் விழித்திரைக்குப் பின்னால் கசிகிறது. மழைக்காலத்தில் சுவர்க் காகிதத்தின் பின்னால் தண்ணீர் இறங்கி அது உப்பிக் கழல்வது போல, விழித்திரையும் சுவரை விட்டுக் கழலத் தொடங்குகிறது. கழன்ற பகுதிக்கு ஊட்டம் நின்றுபோவதால் அது வேலை செய்யாது. அந்தப் பக்கப் பார்வையில் திரை விழுந்தது போல ஒரு நிழல் தெரியும்.

கிழிசலுக்கும் கழல்வதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளி சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். சிலருக்கு ஒரே நாள்தான். அறிகுறியோடு வந்த கிழிசலை அப்படியே விட்டால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழித்திரை கழன்றுவிடுகிறது. அதே கிழிசலை லேசர் கொண்டு அடைத்துவிட்டால் அந்த அபாயம் 100-ல் 5 பேருக்கும் குறைவாக இறங்கிவிடுகிறது. அவசரம் என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருள் இந்த வித்தியாசம்தான்.

கிழிசலை அடைப்பதே வைத்தியம் என்பது ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. விழித்திரை கழன்றவர்களை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தி வைத்தார்கள். பெரும்பாலோர் குருடானார்கள். கிழிசல்தான் கழல்வதற்குக் காரணம், அதை அடைத்தால் விழித்திரை திரும்ப ஒட்டும் என்பதை 1920-களில் செய்து காட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரக் கண் மருத்துவர் ஜூல்ஸ் கோனான். இன்று செய்யும் சிகிச்சை எல்லாம் அந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

ஒரே மனிதர், இரண்டு கண்கள்

2007 முதல் 2010 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கார்டன் பிரவுனின் கதை இந்த வித்தியாசத்தைக் காட்டுகிறது. 16 வயதில் பள்ளி ரக்பி ஆட்டத்தில் தலையில் உதை வாங்கி இடது கண்ணின் விழித்திரை கழன்றது. பல அறுவை சிகிச்சைகள் நடந்தன. வாரக்கணக்கில் இருட்டறையில் அசையாமல் படுத்திருந்தார். ஆனாலும் அந்தக் கண்ணின் பார்வை திரும்பவில்லை.

பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது, டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தவருக்கு வலது கண்ணிலும் அதே அறிகுறிகள் தெரிந்தன. இம்முறை அவருக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. எக்டர் சாவ்லா என்ற கண் அறுவை மருத்துவர் செய்த சிகிச்சையில் வலது கண் காப்பாற்றப்பட்டது. பிரதமராக இருந்த 2009-ல் ஒரு நாள் காலை எழுந்ததும் பார்வை மங்கலாகத் தெரியவே, மறுபடியும் பரிசோதனைக்குப் போனார். விழித்திரையில் இரண்டு இடங்களில் கிழிசல் இருப்பது தெரிந்தது. ஆனால் அது பரவாமல் நின்றிருந்ததால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. கிழிசல் இருந்தும் சும்மா விடலாம் என்று முடிவெடுத்தது உள்ளே பார்த்த மருத்துவர். வீட்டில் உட்கார்ந்து எடுத்த முடிவு அல்ல அது.

சனிக்கிழமை இரண்டு வழிகள்

இனி மாக் மண்டின் தொழிலாளியிடம் திரும்புவோம். சனிக்கிழமை காலை அவர் பக்கத்திலுள்ள கண்ணாடிக் கடைக்குப் போகிறார். எழுத்துப் பலகையில் கடைசி வரிசை வரை படித்துவிடுகிறார். பவரும் மாறவில்லை. "கண்ணு நல்லா இருக்கே" என்று நிம்மதியாகிறார்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எழுத்துப் பலகை சோதிப்பது விழித்திரையின் நடுப்புள்ளியை மட்டும். கிழிசல் விழுவதோ விழித்திரையின் விளிம்பில். நடுப்புள்ளி கழலும் வரை எழுத்து தெளிவாகவே தெரியும். சாதாரணமாக எடுக்கும் கண் புகைப்படத்திலும் அந்த விளிம்பு முழுதாக விழாது. கண்மணியைச் சொட்டு மருந்து போட்டு விரித்து, தலையில் மாட்டும் விளக்குக் கருவியும் லென்சும் கொண்டு, இமையின் மேல் மெல்ல அழுத்தி விளிம்பு வரை சுற்றிப் பார்த்தால்தான் கிழிசல் தெரியும்.

நல்ல வேளையாக, கடைக்காரர் அவருடைய தொல்லையைக் கேட்டு, "இதை இங்க பார்க்க முடியாது, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து போட்டு அரை மணி நேரத்தில் கண்மணி விரிகிறது. வலது கண் விழித்திரையின் மேல் வெளிப்புறத்தில் குதிரை லாடம் போன்ற ஒரு கிழிசல் இருப்பதை மருத்துவர் பார்க்கிறார். விழித்திரை இன்னும் கழலவில்லை. கண்ணை மரக்கச் செய்து, கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாக லேசர் புள்ளிகள் வைக்கிறார். அவ்வப்போது சுருக்கென்று குத்தும். பெரும்பாலும் கால் மணி நேர வேலை. அன்றே வீடு திரும்பலாம்.

லேசர் கிழிசலைத் தைப்பதில்லை. சுட்ட இடங்களில் தழும்பு ஏற்பட்டு, கிழிசலைச் சுற்றி விழித்திரை சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. தழும்பு நன்றாகப் பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை பளு தூக்கும் வேலை பற்றி மருத்துவர் சொன்னபடி நடக்க வேண்டும். புள்ளிகள் லேசருக்குப் பிறகும் மிதக்கும். சிகிச்சை பலிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. லேசர் அடைப்பது கிழிசலை மட்டுமே, கூழிலுள்ள திரிகளை அல்ல.

இரண்டாவது வழி வேறு. கடையில் கிடைத்த நிம்மதியோடு அவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல். திங்கட்கிழமை வேலை. புதன்கிழமை காலை முகம் கழுவும்போது, வலது கண்ணின் கீழ்ப்பக்கம் மூக்கு ஓரமாக ஒரு கருநிழல் நிற்கிறது. கிழிசல் மேலே இருக்க நிழல் ஏன் கீழே? காமிராவுக்குள் போல விழித்திரையில் படம் தலைகீழாக விழுகிறது. மேற்பகுதி கழன்றால் நிழல் கீழே தெரியும். மேலிருந்து கசியும் நீர் எடையால் கீழே இறங்குவதால், மேற்பகுதிக் கிழிசல்கள்தாம் வேகமாகப் பரவுகின்றன.

இந்தக் கட்டத்தில் லேசர் மட்டும் போதாது. அறுவை அறையில் கூழை எடுத்துவிட்டு விழித்திரையை ஒட்டவைத்து, உள்ளே காற்றுக்குமிழி வைக்க வேண்டியிருக்கும். சிலருக்குக் கண்ணின் வெளிப்புறம் பட்டை வைத்துக் கட்டுவார்கள். பிறகு மருத்துவர் சொன்ன கோணத்தில் பல நாட்கள் தலையைச் சாய்த்து வைத்திருக்க வேண்டும். குமிழி கரைய, வைத்த வாயுவைப் பொறுத்து, இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். அதுவரை விமானம் ஏறக்கூடாது. கேமரன் மலை, கெந்திங் போன்ற உயரங்களுக்கும் போகக்கூடாது. உயரம் ஏறும்போது குமிழி விரிந்து கண்ணழுத்தம் கூடிப் பார்வையே போய்விடலாம். வார இறுதியில் கால் மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது, வாரக்கணக்கில் வேலை இழப்பாக மாறுகிறது. நிழல் நடுப்புள்ளியை எட்டிவிட்டால், விழித்திரை ஒட்டினாலும் எழுத்து படிக்கும் கூர்மை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

எது பயமில்லாதது?

வெயிலில் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்க்கும்போது தெரியும் ஒன்றிரண்டு நூல்கள், மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் கவலை வேண்டாம். கண்ணை ஓட்டினால் அவையும் ஓடும். நேராகப் பார்க்கப் போனால் நழுவிவிடும். இவற்றைக் கரைக்கும் என்று விற்கப்படும் சொட்டு மருந்துகளிலும் மாத்திரைகளிலும் பணத்தைப் போட வேண்டியதில்லை.

இன்னொரு வகை மின்னலும் உண்டு. அது ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்தது. சிறு புள்ளியாகத் தொடங்கி, ரம்பப் பல் போல வளைந்து மினுங்கிக்கொண்டே பெரிதாகி, பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடத்தில் மறைந்துவிடும். எந்தக் கண்ணை மூடினாலும் அது மற்றக் கண்ணிலும் தெரியும். பின்னால் தலைவலி வரலாம், வராமலும் போகலாம். விழித்திரை இழுபடுவதால் வரும் மின்னல் ஒரு கண்ணில் மட்டும், நொடிப்பொழுது அடித்து மறையும். கையால் ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் ரம்பப் பல் மின்னல் வாழ்க்கையில் முதல் முறையாக, அதுவும் 50 வயதுக்கு மேல் வந்தால், அதையும் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

எது அவசரம்?

புதிதாக மின்னல் அடிப்பது, புதிதாகப் புள்ளிகள் தோன்றுவது, பழைய புள்ளிகள் திடீரெனப் பெருகுவது ஆகிய மூன்றில் எது வந்தாலும் அன்றோ மறுநாளோ கண்மணியை விரித்துப் பரிசோதிக்க வேண்டும். புள்ளிகள் மழை போலக் கொட்டினால், அல்லது புகை படர்ந்தது போலிருந்தால், உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். அப்போது கிழிசல் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஓரத்தில் திரை, நிழல், வளைந்த கோடு தெரிந்தால் நாளை என்ற பேச்சே கிடையாது. அந்த நேரமே புறப்பட வேண்டும். கண்ணில் வலியும் சிவப்பும் சேர்ந்து வந்தாலும் அப்படியே.

நால்வர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தடித்த கிட்டப்பார்வைக் கண்ணாடி போடுகிறவர்கள், கண்புரை அறுவை செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், மற்றக் கண்ணிலோ குடும்பத்திலோ விழித்திரை கழன்ற வரலாறு உள்ளவர்கள். நம் எடுத்துக்காட்டுத் தொழிலாளி இளம் வயதிலேயே கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டவராக இருந்தால், 58 வயது வரைகூடக் காத்திருக்காமல் இது வரலாம்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். அவர்களுடைய விழித்திரையில் புதிதாக முளைக்கும் நோஞ்சான் இரத்தக் குழாய்கள் உடைந்து இரத்தம் கசியும்போது, மின்னல் இல்லாமலே கருநூல்களும் புகைமூட்டமும் தோன்றும். சில மாதங்களுக்கு முன் கிளினிக்கில் எடுத்த கண் படம் நன்றாக இருந்தது என்பது இன்றைய புகைமூட்டத்துக்குப் பதில் ஆகாது.

தொழிற்சாலையில் சுத்தியலால் இரும்பை அடிக்கும்போதோ கிரைண்டர் ஓட்டும்போதோ கண்ணில் ஏதோ பட்டு, பிறகு புள்ளி தெரிந்தால் அது தனி அவசரம். மிகச் சிறிய இரும்புத் துண்டு, வெளியில் காயம் தெரியாமலே உள்ளே புகுந்திருக்கலாம். கண்ணைத் தேய்க்காமல், இரும்பு அடித்தபோது நடந்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால் அந்தத் துண்டு உள்ளே நகர்ந்துவிடும் அபாயம் உண்டு.

போகும்போது

மாக் மண்டின், பட்டர்வொர்த் பக்கம் இருப்பவர்களுக்கு அருகிலுள்ள பெரிய அரசாங்க அவசரப் பிரிவு செபராங் ஜெயா மருத்துவமனை. தீவில் ஜார்ஜ்டவுனிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. நிபுணர் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கி, வாரக்கணக்கில் தேதிக்குக் காத்திருக்கும் வழி இதற்குப் பொருந்தாது. அவசரப் பிரிவுக்குக் கடிதம் தேவையில்லை.

அங்கே "கண் மங்கல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் பின்னால் உட்காரவைக்கப்படலாம். திபா-திபா கிலாட் தெரிகிறது, பிந்திக் ஹித்தாம் பறக்கிறது என்று சொல்ல வேண்டும். நிழல் இருந்தால் லங்சீர் மூடுவது போல என்று சொல்ல வேண்டும். எந்தக் கண், எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொன்னால், அவசரம் மருத்துவருக்கு உடனே புரியும்.

மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டிப் போகக்கூடாது. கண்மணி விரிந்த பிறகு சில மணி நேரம் கண் கூசும், பக்கத்துப் பார்வை மங்கும். மகனோ மகளோ கூட வர வேண்டும்.

கிழிசல் இல்லை என்று மருத்துவர் சொன்னாலும் அத்தோடு விட்டுவிடக்கூடாது. கூழ் பிரிந்து முடிய இன்னும் நாளாகலாம். முதல் நாள் நன்றாக இருந்தவர்களிலும் சிலருக்கு அடுத்த வாரங்களில் கிழிசல் விழுவதுண்டு. அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொல்கிறார்கள். அதற்கு முன்னரே மின்னலோ புள்ளியோ கூடினால், அல்லது நிழல் தெரிந்தால், கொடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

அதுவரை தினமும் காலையில் ஒரு சிறு சோதனை போதும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றக் கண்ணால் வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளியை நேராகப் பார்க்க வேண்டும். மேல், கீழ், இரு பக்கம் எல்லாம் வெளிச்சமாக இருக்கிறதா, எங்காவது நிழல் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணும் திறந்திருந்தால், ஒன்றின் நிழலை மற்றது மறைத்துவிடும். அந்தத் தொழிலாளிக்கும் புதன்கிழமை வரை தெரியாமல் போனதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.